ரெண்டு பத்தி எலுமிச்சைக் கணக்கு: பொருளியல் பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் பாடம் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்புக்குப் பொருளியல் எடுக்கிறேன். தேவை விதியை எங்கள் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். 'பிற காரணிகள் மாறாதிருக்கும்போது, விலை கூடினால் தேவை குறையும். விலை குறைந்தால் தேவை கூடும்.' தேர்வுக்கு அது போதும். ஆனால் பள்ளியை விட்டு வெளியே வந்து புளியங்குடி எலுமிச்சைச் சந்தையைப் பார்த்தால் விதி தலைகீழாக நிற்பதுபோல் இருக்கிறது. சித்திரையில் விலையும் ஏறுகிறது, வாங்குகிற கூட்டமும் ஏறுகிறது. ஐப்பசி மழையில் விலை விழுகிறது, சீந்த ஆளில்லை.

ஒரு மாணவி இதை வகுப்பில் கேட்டேவிட்டாள். நான் அவசரத்தில் "அது ஒரு விதிவிலக்கும்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். அது தப்பு. விதிவிலக்கே இல்லை அது. வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. அதற்குப் பரிகாரமாக எழுதியதுதான் கீழே வரும் சின்னக் கதை. படித்துவிடுங்கள், உங்களிடம் கேட்க வேண்டியதை அப்புறம் கேட்கிறேன்.

*

மண்டிக்கு எதிரே டீக்கடை. சித்திரை மாதம், மத்தியானம் மூன்று மணி. சிறுமி தூக்குவாளியோடு வந்து நின்றாள். அவள் அம்மா எதிரே மண்டியில் பழம் தரம் பிரிக்கிறாள்.

"மாமா, அம்மா அஞ்சு டீ வாங்கிட்டு வரச் சொன்னா. அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளு."

"எங்க அக்கா ராத்திரி பூரா 'விலை கூடினால் தேவை குறையும்'னு சத்தம் போட்டுப் படிக்கா. அது நெசமா?"

"நெசந்தான்."

"ஐப்பசியில உங்க கடையில லெமன் டீ பத்து ரூவா. யாரும் கேக்கல. இப்ப இருபது ரூவா. வாரவங்க எல்லாம் லெமன் டீதான் கேக்காங்க. விலை கூடிருக்கு, தேவை குறையலையே?"

கடைக்கார அண்ணாச்சி ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்தார். பெஞ்சுகளில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், ஒரு கேரளத்து லாரி டிரைவர், தோட்டத்திலிருந்து பழம் கொண்டுவந்த ஒரு பெரியவர்.

"எல்லாரும் இங்க பாருங்க. சும்மா கணக்குக்குத்தான் கேக்கேன். இந்த நிமிஷம் லெமன் டீ பத்து ரூவான்னா யாருக்கெல்லாம் வேணும்? கையத் தூக்குங்க."

எட்டுக் கை எழுந்தது. விலைப் பலகையின் ஓரத்தில் சாக்பீஸால் எழுதினார். பதினைந்து ரூபாய் என்றார், ஆறு கை. இருபது என்றார், நான்கு. இருபத்தைந்துக்கு லாரி டிரைவர் மட்டும் தொண்டையைத் தடவிக்கொண்டே கையைத் தூக்கினார்.

"கை தூக்குனவன் பூராவும் காசு குடுத்துருவான்னு நெனைக்காத," என்றார் சிறுமியிடம். "அந்தா, சிவப்புத் துண்டு. இருபதுக்கும் தூக்குதான். ஏற்கனவே நூத்தி நாப்பது பாக்கி." பெஞ்சு சிரித்தது.

"சரி, இப்ப ஐப்பசின்னு வச்சுக்கோங்க. மூணு நாளா அடைமழை. தொப்பலா நனைஞ்சு வந்து உக்காந்திருக்கீங்க. லெமன் டீ பத்து ரூவா, யாருக்கு வேணும்?"

"இஞ்சி டீ போடும் ஓய்!" என்றது ஒரு குரல். மூன்று கைதான் எழுந்தது. பதினைந்துக்கு ஒன்று. இருபதுக்கு ஒருவரும் இல்லை.

பலகையில் இப்போது அருகருகே இரண்டு பத்தி. வெயில்: 8, 6, 4, 1. மழை: 3, 1, 0, 0.

"ஏட்டி, வெயில் பத்திய மேல இருந்து கீழ படி."

"எட்டு, ஆறு, நாலு, ஒண்ணு. குறையுது."

"மழைப் பத்தி?"

"அதுவும் குறையுது."

"அப்ப உங்க அக்கா படிச்சது சரிதான?"

அவள் பதில் சொல்லவில்லை. மழைப் பத்தியில் பத்து ரூபாய்க்கு நேரே இருந்த மூன்றின்மேல் விரலை வைத்தாள். அங்கிருந்து வெயில் பத்தியில் இருபதுக்கு நேரே இருந்த நான்குக்கு விரலை நகர்த்தினாள். திரும்பவும் மூன்றுக்கு வந்தாள்.

"நான் இங்கயிருந்து அங்க தாவிட்டேன் மாமா."

"அதாம் விஷயம். விலை மாறுனா நீ ஒரே பத்திக்குள்ள மேலயும் கீழயும் போவே. வெயில் வந்துட்டுன்னா பத்தியே மாறிரும்."

"அப்ப இருபதுன்னு யாரு முடிவு பண்ணுனா? நீங்களா?"

"நான் எங்க பண்ணுனேன்? பங்குனிக் கடைசியில பதினஞ்சுலதான் வச்சிருந்தேன். காலையில நாப்பது பழம் வாங்குவேன். மூணு மணிக்கெல்லாம் தீந்துரும். அஞ்சு மணிக்கு வந்தவன் ஏசிட்டுப் போவான். சரின்னு இருபத்தஞ்சு ஆக்குனேன். ராத்திரி கடை அடைக்கும்போது பதினஞ்சு பழம் மிச்சம். நாலு நாள்ல தோல் சுருங்கிப் போச்சு. இருபதுல வச்சா கடை அடைக்கவும் பழம் முடியவும் சரியா இருக்கு."

"அறுபது பழம் வாங்குனா பதினஞ்சு ரூவாய்க்கே எல்லாருக்கும் குடுக்கலாம்லா?"

"பழம் விக்கிற விலைக்கா? தாத்தாட்ட கேளு."

பெரியவர் கிளாஸைக் கீழே வைத்தார். "இன்னைக்குப் பறிக்கிற பழத்துக்கு அஞ்சாறு மாசத்துக்கு முந்தியே பூத்திருக்கணும் தாயி. விலை ஏறிட்டேன்னு இன்னைக்கு மரத்தப் போட்டு உலுக்குனா பழம் வருமா? பெருக்காத காயையும் சேத்துப் பறிச்சுட்டு வரலாம், அவ்வளவுதான். அதத்தான் பண்ணுதேன்."

"ஐப்பசியில நிறையக் காய்ச்சிருக்குமே?"

"காய்ச்சுது. பறிகூலி, சாக்கு, வண்டி, கமிஷன் எல்லாம் போக, கையில இருந்து போடணும் போல இருந்துது. பாதியப் பறிக்கவே இல்ல. மரத்தடி பூரா மஞ்சளாக் கெடந்துச்சு."

சிறுமி கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப விலை கம்மின்னா இந்தப் பெஞ்சுல நிறையக் கை. தாத்தா கை மட்டும் எறங்கிரும்."

"ஆமா. விலை ஏறுனா தாத்தா தூக்குவாரு, இவங்க எறக்குவாங்க. ரெண்டும் சரியா வார இடத்துல விலை நிக்கும்."

"நிக்காமப் போனா?"

"2022 சித்திரையில கிலோ 200 ரூவாய்க்கு மேல போச்சு. ஒரு பழமே பத்து ரூவா. பலகையில லெமன் டீயவே அழிச்சுட்டேன். அதுக்கு முந்தி ஒரு வாரம், அரைப் பழம் பிழியுற கிளாஸுக்குக் கால் பழந்தான் பிழிஞ்சேன்."

"விலை?"

"அதே விலை."

"அப்ப நெசத்துல நீங்க விலைய ஏத்திட்டீங்க. சொல்லாம."

அண்ணாச்சி தூக்குவாளியை வாங்கி டீயை ஊற்றத் தொடங்கினார். எதிர் மண்டியிலிருந்து அவள் அம்மா குரல் வந்தது.

*

கதை இவ்வளவுதான். பெஞ்சும் கைகளும் என் கற்பனை. சந்தையும், மழைக்கால விலை வீழ்ச்சியும், 2022-இன் விலையும் கற்பனை இல்லை.

அந்தச் சிறுமி தாவியது மாதிரி பெரிய ஆட்களும் தாவியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மூர், 1914-இல், கச்சா இரும்புக்கு விலை ஏற ஏறத் தேவையும் ஏறுகிறது என்று கண்டதாக எழுதினார். புது வகைத் தேவைக் கோடு என்றே அதைச் சொன்னார். அவர் சேர்த்தது பல வருடங்களின் விலையும் உற்பத்தியும். தொழில் செழித்த வருடத்தில் இரும்பு கேட்டு எல்லோரும் வருவார்கள், விலையும் ஏறும், உற்பத்தியும் ஏறும். மந்தமான வருடத்தில் இரண்டும் இறங்கும். அந்தப் புள்ளிகளை இணைத்தால் வருவது பெரும்பாலும் இரும்பு விற்றவர்களின் அளிப்புக் கோடு. மழைப் பத்தியின் மூன்றையும் வெயில் பத்தியின் நான்கையும் ஒரே கோட்டால் இணைத்த அதே வேலைதான். மற்ற பொருளியலாளர்கள் அதை எடுத்துக்காட்டினார்கள். ஒரு பேராசிரியருக்கே தப்பிய இடத்தில் பதினாறு வயதுப் பிள்ளை தடுமாறுவதில் ஆச்சரியம் என்ன?

இனி என் கோரிக்கை. நான் கையாண்ட பாடங்களில் தேவைப் பட்டியல் என்றால் விலை 5, 4, 3, 2, 1 என்று இறங்கும், பக்கத்தில் அளவு ஏறும். எந்த நாள், எந்த ஊர், யார் வாங்கினார்கள் என்று ஒன்றும் இருக்காது. 'பிற காரணிகள் மாறாதிருக்கும்போது' என்ற தொடர் வரையறையின் தலையில் ஒரு தடவை வரும், பட்டியலில் அதற்கு வேலையே இருக்காது. அதனால் பிள்ளைகள் அதைச் சாமிக்குப் போடும் கும்பிடு மாதிரி சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். உண்மையில் விதியின் கனமெல்லாம் அந்தத் தொடரில்தான் இருக்கிறது. பட்டியலின் தலைப்பிலேயே 'ஒரே நாள், ஒரே கடை' என்று போடுங்கள். பக்கத்திலேயே இன்னொரு பருவத்துப் பட்டியலையும் கொடுங்கள். கோடு வரைவது அதற்குப் பிறகு இருக்கட்டும். பத்திக்குள் நகர்வது தேவையின் விரிவும் சுருக்கமும், பத்தி விட்டுப் பத்தி போவது தேவைக் கோட்டின் இடப்பெயர்ச்சி என்று சொன்னால் அப்போது ஒட்டும். இப்போது இந்த இரண்டுக்கும் 'வேறுபடுத்துக' என்று ஒரு வினா வருகிறது, பிள்ளைகள் இரண்டு பக்கமும் கோடு போட்டு மனப்பாடமாக எழுதித் தள்ளுகிறார்கள்.

ஒன்றை நானே ஒத்துக்கொள்கிறேன். கை தூக்கச் சொல்லிக் கேட்பது வகுப்பறைக்கு நன்றாக வேலை செய்யும், சந்தையை அளக்க உதவாது. சிவப்புத் துண்டுக்காரரை அதற்காகத்தான் வைத்தேன். சந்தையில் நம் கண்ணுக்குத் தெரிவது அன்றன்றைக்கு நின்ற ஒரு விலையும் விற்ற ஓர் அளவும் மட்டும். மற்ற விலைகளில் எத்தனை கை எழுந்திருக்கும் என்பதை ஊகித்துத்தான் அறிய வேண்டும். இதையும் ஒரு வரியில் பாடத்தில் சொல்லிவிட்டால் நல்லது.

'வேறுபடுத்துக' வினாவுக்குப் பதிலாக நான் வகுப்புத் தேர்வில் கொடுத்துப் பார்த்த வினா இது. ஐந்து மதிப்பெண்: "ஐப்பசியில் 10 ரூபாய்க்கு 3 கிளாஸ் லெமன் டீ விற்றது. சித்திரையில் 20 ரூபாய்க்கு 4 கிளாஸ் விற்றது. ஆகவே தேவை விதி பொய் என்கிறாள் ஒரு சிறுமி. அவளுக்கு என்ன பதில் சொல்வாய்?" முதல் தடவை பாதிப் பேர் 'விதிவிலக்கு' என்று எழுதியிருந்தார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள்தானே.

இப்படிக்கு,
தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு பொருளியல் ஆசிரியர்