கடைசி வரியில ஒரு கேள்வி

அன்புள்ள வசந்தி,

உன் மெயிலும் போட்டோவும் நேத்து ராத்திரி வந்துச்சு. கல்யாணமாகி 25 வருஷம்! அண்ணனுக்குத் தலை முழுக்க நரைச்சுடுச்சே. இங்க எல்லாரும் சுகம். பெரியவன் கோயம்புத்தூர்ல காலேஜ் சேர்ந்துட்டான், வீடு வெறிச்சுன்னு கிடக்கு.

ஃபேஸ்புக்ல படத்தோட போட நீ எழுதி அனுப்பினதைப் படிச்சேன். கடைசி வரிதான் உறுத்துது: “உங்கள் மணவாழ்க்கை அனுபவங்களைப் பகிருங்கள்.” பரீட்சையில வர்ற பத்து மார்க் கேள்வி மாதிரி இருக்குடி. பஸ்ல நின்னுக்கிட்டே போனைப் பாக்கறவங்க இதுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பாங்க? ‘வாழ்த்துகள்’னு போட்டுட்டு நகர்ந்துடுவாங்க. நம்ம செட்லயே கல்யாணம் பண்ணிக்காதவ இருக்கா, வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவ இருக்கா. அவங்க வாசல்லயே நின்னுடுவாங்க.

இது நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. அம்மாவுக்கு 80 நிறைஞ்சப்ப, அவங்க முறுக்கு சுத்துற படத்தைப் போட்டு, “உங்க அம்மா உங்களுக்குப் பிடிச்சதா என்ன செஞ்சு தர்றாங்க?”ன்னு கேட்டிருந்தேன். கூடப் படிச்ச ஒருத்தி ராத்திரி போன் பண்ணினா. அவ அம்மா போய் மூணு மாசம்தான் ஆகுது. பதில் எழுதி எழுதி அழிச்சாளாம். உடனே அந்த ‘தர்றாங்க’ங்கறதை எடுத்துட்டு, “அம்மா கையால சாப்பிட்டதுல இன்னும் நாக்குல நிக்கிறது எது?”ன்னு மாத்தினேன். முதல் பதிலே அவளோடதுதான். மழை நாள்ல அவங்கம்மா சுட்டுக் கொடுத்த கம்பு அடையைப் பத்தி நாலு வரி. அதுக்கப்புறம் ரெண்டு நாள் ஒவ்வொருத்தரா எழுதிக்கிட்டே இருந்தாங்க.

அதனால உன் கேள்வியையும் நீ எழுதினதுக்குள்ளயே தேடினேன். தனிக்குடித்தனம் வந்த அன்னிக்கு வாங்கின குக்கர், கைப்பிடி மூணு தடவை மாத்தினது, இன்னிக்கும் அதுலதான் சாதம்னு நடுவுல சொல்லியிருக்க பாரு, அதுதான் விஷயம். அதை முதல் வரிக்குக் கொண்டுவா. மொத்தமும் அஞ்சாறு வரிக்குள்ள இருக்கட்டும். நீளமாப் போனா பாதி மடங்கிடும், தட்டினாத்தான் விரியும், உன் கேள்வி யார் கண்ணுலயும் படாது. கடைசியா இப்படிக் கேளு: “சொந்தக் காசுல நீங்க வீட்டுக்கு முதன்முதலா வாங்கின பொருள் எது? இப்ப அது எங்க இருக்கு?” தனியா இருக்கறவளும் இதுக்குப் பதில் சொல்லலாம். “ஞாபகம் இருக்கா?”ன்னு மட்டும் கேக்காதே, ‘இருக்கு’ன்னு ஒரு சொல்லோட முடிஞ்சிடும்.

போட்டுட்டுப் போனைக் கீழ வச்சிடாதே. யாராவது ‘மிக்ஸி’ன்னு மட்டும் எழுதினா, “எந்த ஊர்ல இருந்தப்ப?”ன்னு திருப்பிக் கேளு. கதை அப்பதான் வெளிய வரும்.

நான் வாங்கினது ஒரு டேபிள் ஃபேன். முதல் மாச சம்பளத்துல வாங்கி அப்பா கட்டில் பக்கத்துல வச்சேன். அவர் போய் இத்தனை வருஷமாச்சு, அது இன்னும் ஓடுது. வலது பக்கம் திரும்பும்போது மட்டும் ‘டக்’னு ஒரு சத்தம். நீ போட்டதும் முதல் ஆளா இதைத்தான் எழுதப் போறேன்.

அன்புடன்,
மல்லிகா