பாறைக்குள் ஒன்பது பெயர்கள்: எங்கள் கேம் நிறுவன நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன வாரம் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தீர்கள். "அனுமதியின்றிச் சேர்க்கப்பட்ட உள்ளடக்கம்" என்று அதில் இருந்தது. மறுக்கவில்லை. நம் பரிசல் கேமின் ஏழாவது லெவலில், அருவிக்கு முன்னால் இருக்கும் பாறையருகே பரிசலை இடப்பக்கமாக மூன்று சுற்று சுற்றினால் அந்த கேமில் வேலை செய்த ஒன்பது பேரின் பெயர்கள் பாறையில் தெரியும். அதை வைத்தவன் நான்தான். யாரோ ஒரு பையன் கண்டுபிடித்து வீடியோ போட்டதால் உங்களுக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த நாளே பெயர்களை எடுத்துவிட்டீர்கள். ஏன் வைத்தேன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

ஒளித்து வைப்பதை நான் கண்டுபிடிக்கவில்லை. அட்டாரி நிறுவனத்தில் வாரன் ராபினெட் என்று ஒருவர் 'அட்வென்ச்சர்' என்ற கேமைத் தனியாளாக எழுதி 1979-ல் முடித்தார். விளையாட்டு முழுவதும் 4 கிலோபைட்டுக்குள். அப்போது அட்டாரி எந்த கேமிலும் எழுதியவர் பெயரைப் போடாது. பெயர் வெளியே தெரிந்தால் போட்டிக் கம்பெனி வந்து கூப்பிடும், ஆள் கூடுதல் சம்பளம் கேட்பான் என்கிற பயம். (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?) ராபினெட் சண்டை போடவில்லை. கேமுக்குள் ஒரு ரகசிய அறை கட்டி, 'வாரன் ராபினெட் உருவாக்கியது' என்று ஆங்கிலத்தில் அங்கே எழுதி வைத்தார்.

அந்த அறைக்குப் போகும் வழியை நம் டெஸ்டர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். கறுப்புக் கோட்டையின் புதிர்ப்பாதையில், பாலம் என்ற பொருளை வைத்துத்தான் நுழைய முடிகிற ஓர் அடைபட்ட இடம். அதற்குள் ஒரே ஒரு சாம்பல் நிறப் புள்ளி. பின்னணியும் அதே சாம்பல் நிறம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது, மேலே மோதினால்தான் கைக்கு வரும். அதைத் தங்கக் கோட்டைக்குக் கீழே உள்ள பாதையின் கிழக்கு முனைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே சுவர் மாதிரி ஒரு கோடு இருக்கும். அட்டாரியின் விளையாட்டுப் பெட்டியோ ஒரே நேரத்தில் இரண்டு பொருள்களைத்தான் திரையில் காட்டும். அதற்கு மேல் சேர்ந்தால் மாறி மாறிக் காட்டத் தொடங்கும், எல்லாம் கண் முன்னால் துடிக்கும். புள்ளியோடு இன்னும் சில பொருள்களையும் அங்கே சேர்த்தால் அந்தக் கோடும் துடிக்கும், இடித்துக்கொண்டு உள்ளே போய்விடலாம். பெட்டியின் குறையையே கதவாக்கினார் மனிதர். சோதித்துப் பார்க்கிறவர் அதைப் பார்த்தாலும் 'வழக்கமான துடிப்பு' என்று தாண்டிப் போவார்.

கூட வேலை செய்தவர்களிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. அவர் வேலையை விட்டுப் போன பிறகுதான் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு பதினைந்து வயதுப் பையன் அறையைக் கண்டுபிடித்து அட்டாரிக்குக் கடிதம் எழுதினான். எடுத்துவிடலாம் என்றால், கேம் சிப்பிலேயே பதிந்திருக்கிறது. புதிதாக அச்சு செய்து சிப் தயாரிக்க வேண்டும், பணம் ஆகும். அங்கே ஸ்டீவ் ரைட் என்ற மேலாளர், இது ஈஸ்டர் பண்டிகைக்கு முட்டை ஒளித்து வைத்துப் பிள்ளைகளைத் தேடவிடுகிற மாதிரி என்றார், அறை இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானது. 'ஈஸ்டர் எக்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். உங்களுக்கு அந்தச் செலவுகூட இல்லை. ஓர் அப்டேட்டில் ஒன்பது பேரையும் அழித்துவிட்டீர்கள்.

இப்போது நம் கதை. கேமில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எழுதாத விமர்சனம் இல்லை. சுழலில் நுரை பிரிவதும், பாறையில் பட்டு நீர் நிறம் மாறுவதும் ஒரு தோழியின் எட்டு மாத உழைப்பு. ஒகேனக்கல்லுக்கு நான்கு முறை போய், முழங்கால் தண்ணீரில் நின்று படம் எடுத்து வந்தார். பரிசல் ஓட்டும் என் மாமா அவருக்காக ஒரு மதியம் முழுக்கச் சுற்றிக் காட்டினார். அந்தத் தோழி வேலையை விட்டதும் நீங்கள் கொடுத்த அனுபவச் சான்றிதழில் பதவி இருந்தது, தேதி இருந்தது, கேமின் பெயர்கூட இல்லை. பெங்களூரில் நேர்முகத் தேர்வில், "அந்தத் தண்ணீர் நான் செய்தது" என்றிருக்கிறார். "கேமில் உங்கள் பெயர் எங்கே வருகிறது?" என்று கேட்டார்கள். வரவில்லை. "எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்று சிரித்தார்களாம். அத்திப்பள்ளியில் ஓசூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே என்னை அழைத்தார். அழவில்லை. "நான் செஞ்சேன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றார். அந்த வாரம்தான் பாறையில் பெயர் ஏறியது. முதல் பெயர் அவருடையது.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். யாருக்கும் சொல்லாமல் உள்ளே போகிற கோட் ஆபத்துதான். எக்செல் 97-க்குள் பறந்து சுற்றிப் பார்க்கிற ஒரு விளையாட்டையே ஒளித்து வைத்திருந்தார்கள். வாங்குகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றுதான் மைக்ரோசாஃப்ட் பின்னாளில் அந்தப் பழக்கத்தையே நிறுத்தியது. என் மூன்று சுற்றும் முதலில் தப்பாகத்தான் வேலை செய்தது. பரிசலின் கோணம் 359-லிருந்து பூஜ்யத்துக்குத் தாவும்போது கணக்கு குழம்பி, சும்மா ஆடிக்கொண்டிருந்தாலே பாறை திறந்துகொண்டது. பிரேமுக்குப் பிரேம் எவ்வளவு திரும்பியது என்று கூட்டி, 1080 டிகிரி சேர்ந்தால்தான் திறக்கும்படி மாற்றினேன். வெளிப்படையாகச் செய்திருந்தால் இதையும் ஒரு டெஸ்டர் பார்த்திருப்பார். அதனால்தான் வெளிப்படையாகவே கேட்கிறேன்: கேம் முடியும் இடத்தில் பெயர்ப் பட்டியல் போடுங்கள்.

உங்கள் லோகோ ஒவ்வொரு முறையும் நான்கு விநாடி சுழன்று வருகிறது. டீ கப்பில் இருக்கிறது, மிதியடியில்கூட இருக்கிறது. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டுப் பெயர் வெட்டிய மண் இது. சந்தேகம் இருந்தால் தருமபுரி அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் நடுகற்களைப் பாருங்கள். நாங்கள் சாகக்கூட வேண்டாம், எட்டு மாதம் தண்ணீர் வரைந்தால் போதாதா?

மன்னிக்கவும், கோபம் கொஞ்சம் முந்திக்கொண்டது. 1979-லேயே நான்கு பேர் அட்டாரியை விட்டு வெளியேறி ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள், எழுதியவர் பெயரைக் கேமோடு சேர்த்தே விற்றார்கள் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பெயர்ப் பட்டியல் திரையை நானே எழுதி முடித்துவிட்டேன். ஒன்பது பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் செய்த வேலை. வேலையை விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். பெயர் வர ஒன்பது பேரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். யாரும் எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம், இதில் ரகசியம் எதுவும் இல்லை. அடுத்த அப்டேட்டில் அதைச் சேர்க்க அனுமதி தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சேர்த்தால், பாறைக்குப் பின்னால் இன்னும் மிச்சமிருக்கும் அந்தச் சுற்றுக் கணக்கை அன்றைக்கே நான் எடுத்துத் தருகிறேன். பெயர்களை எடுத்தவர் அதை எடுக்க மறந்துவிட்டார்.

இப்படிக்கு,
பட்டியலில் ஒன்பதாவது ஆள்,
பென்னாகரம்