‘தொடர்க’ என்று மட்டும் சொல்லும் கதைப் போட்டிகளின் நடுவர்களுக்கு

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மாணவர்களுக்குக் கதைப் போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

ஒரு கதையின் முதல் பத்தியைக் கொடுத்து, கீழே ‘தொடர்க’ என்று எழுதி விடுகிறீர்கள். வேறு குறிப்பு இல்லை. பிள்ளைகள் எழுதித் தருகிறார்கள். முடிவில் திருப்பமும் நீதியும் உள்ள தாள்தான் பெரும்பாலும் பரிசு பெறுகிறது. இந்த வழக்கத்தை நீங்கள் மாற்ற வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். நானும் காட்பாடிப் பக்கம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவன்.

பொதுவாகப் பேசினால் விளங்காது. இதற்கென்றே ஒரு துண்டு எழுதினேன்:

“ஆறரைக்குக் குடியாத்தம் பஸ் வந்தது. நைனா இறங்கவில்லை. செல்வி தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டாள். சோறு இன்னும் சூடாகத்தான் இருந்தது. ‘இன்னாமா, இன்னும் வர்லியா?’ என்றார் டீக்கடைக்காரர். ‘அடுத்த பஸ்ல வந்துடுவாரு’ என்றாள். அடுத்த பஸ் எட்டேகாலுக்கு. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை.”

இதைத் தொடர வேண்டும். யாருடைய குரலில்?

கதை சொல்பவர் ‘செல்வியின் அப்பா’ என்று எழுதவில்லை, ‘நைனா’ என்கிறார். நம் பக்கத்து வீடுகளில் அப்பாவை அழைக்கும் சொல் அது. அந்தப் பெண் வாயில் வருவது சரி, ஆனால் இங்கே அது கதை சொல்பவரின் வாக்கியத்திலேயே வருகிறது. ‘அவள்’ என்று எழுதினாலும் அவர் நிற்பது செல்விக்குப் பக்கத்தில், அவள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பார்த்துக்கொண்டு. அடுத்த வரியில் ஒரு மாணவர் ‘அவளுடைய தந்தை முருகேசன் அப்போது குடியாத்தத்தில்’ என்று எழுதினால், இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் கதை சொல்பவர் செல்வியை விட்டுவிட்டுப் பத்து மைல் தள்ளிப் போய்விட்டார். துண்டை எழுதியவர் அப்படி எங்கும் போகவில்லை.

அப்புறம் பேச்சு. கதை சொல்பவர் எழுத்துத் தமிழில் எழுதுகிறார்: ‘இறங்கவில்லை’, ‘சொல்லவில்லை’. மேற்கோள் குறிக்குள் மட்டும் ஊர்ப்பேச்சு வருகிறது. இந்தக் கோடு முதல் பத்தியிலேயே போடப்பட்டது, தொடர்பவர் அதைத் தாண்டக்கூடாது. உற்சாகத்தில் கதை சொல்பவரையும் ‘நின்னுகினு இருந்தா’ என்று பேச வைத்துவிடுகிறார்கள் பிள்ளைகள். சிலர் நேர்மாறாக, டீக்கடைக்காரரை ‘ஏனம்மா, இன்னும் வரவில்லையா?’ என்று கேட்க வைக்கிறார்கள். வேறு சிலர் சினிமாவில் கேட்ட பழக்கத்தில் செல்வியை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட வைக்கிறார்கள். குடியாத்தம் பஸ்ஸுக்கு நிற்கும் பெண் அண்ணாச்சி என்று சொல்ல மாட்டாள், ‘அண்ணா’ என்பாள்.

குரலைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. துண்டு எழுதியவருடையதுதான் கடைசிவரை. கஷ்டம் திசையில்தான் இருக்கிறது.

கதை எங்கே போகிறது என்று எழுதியவர் சொல்லவில்லை. சொன்னவர்கள் உண்டு. கல்கி 1954 டிசம்பரில் இறந்தபோது ‘அமரதாரா’ தொடர்கதை பாதியில் நின்றது. அவர் மகள் ஆனந்தி அதை முடித்தார். தந்தை விட்டுச் சென்ற குறிப்புகள் அவரிடம் இருந்தன. நம் மாணவரிடம் இருப்பது இந்தச் சில வரிகள் மட்டுமே, ஆகவே குறிப்புகளையும் அவற்றுக்குள்ளேதான் தேட வேண்டும்.

தேடினால் கிடைக்கும். சோறு சூடாக இருக்கிறது என்று சொல்லியாயிற்று, அப்படியானால் அது ஆறப்போகிறது. அடுத்த பஸ் எட்டேகாலுக்கு, அப்படியானால் ஒன்றே முக்கால் மணி நேரம் அந்த இடத்திலேயே கழிய வேண்டும். எல்லாவற்றையும் விட, பஸ் எப்போது என்பதை அவள் சொல்லவில்லை. நைனா வராததில் அவளுக்கு ஏதோ கூச்சம் இருக்கிறது. டீக்கடைக்காரர் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைக்கிறாள். கதை அந்த மறைப்பை நோக்கித் திரும்பி நிற்கிறது. நைனாவுக்கு என்ன ஆனது என்பதை நோக்கி அல்ல.

இதைப் படிக்காமல் எழுதினால் என்ன வரும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். போன் மணி அடிக்கும், விபத்து, ஆஸ்பத்திரி வாசல். இல்லையென்றால் நைனா குடித்துவிட்டு வந்து, மகளின் கண்ணீரைப் பார்த்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்வார். இரண்டிலும் தூக்குவாளி காணாமல் போயிருக்கும். டீக்கடைக்காரரும் அப்படியே. அந்த வரிகளை வேறு எந்தத் துண்டுக்கு அடியில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் அவற்றின் குறை. குடிப்பழக்கத்தைப் பற்றி எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தத் துண்டில் குடி எங்கும் இல்லை, அதைக் கொண்டுவந்தது தொடர்பவரின் வசதி, அவ்வளவுதான்.

நான் எதிர்பார்ப்பது இப்படி ஒரு தொடர்ச்சியை:

“ஏழு மணிக்குக் கடையில் விளக்குப் போட்டார்கள். செல்வி வெளிச்சம் விழாத பக்கமாக நகர்ந்து நின்றாள். ‘உக்காரும்மா, எவ்ளோ நேரம் நிப்ப?’ பெஞ்சில் இடம் இருந்தது. ‘பரவால்லண்ணா’ என்றாள். உட்கார்ந்தால் ரொம்ப நேரம் காத்திருப்பது தெரிந்துவிடும். தூக்குவாளியின் அடியைத் தொட்டுப் பார்த்தாள்.”

பெரிதாக எதுவும் நடக்கவில்லை, அரை மணி நேரம் போயிருக்கிறது. வாக்கியங்கள் அதே அளவு சிறியவை. மறைப்பு தொடர்கிறது, முன்னைவிடக் கொஞ்சம் கஷ்டமாகியிருக்கிறது, ஏனென்றால் இப்போது விளக்கு எரிகிறது, டீக்கடைக்காரர் அன்பாகவும் கேட்கிறார். ‘உட்கார்ந்தால்’ என்று தொடங்கும் வரி மட்டும் கொஞ்சம் விளக்கிச் சொல்வது போல இருக்கிறது. ஆனால் துண்டின் கடைசி வரியும் அப்படித்தான் அவள் மனதைத் தொட்டுச் சொன்னது, ஆகவே அதை ஏற்றுக்கொள்வேன். கதை முடியவில்லை. முடிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. முடிவு வேண்டுமென்றால் ‘கதையை முடித்து எழுதுக’ என்று கேளுங்கள், பிள்ளைகள் அதையும் செய்வார்கள்.

துண்டே தடுமாறும்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள். முன்பு நடந்ததாக எழுதிக்கொண்டே வந்தவர், நடுவில் ‘செல்வி திரும்பிப் பார்க்கிறாள்’ என்று எழுதிவிடுவது உண்டு. பழைய நினைவு வரும்போதெல்லாம் நிகழ்காலம் வருகிறது என்றால் அது அவர் வேண்டுமென்றே செய்தது, அதைக் காப்பாற்ற வேண்டும். ஒரே செயலுக்கு நடுவே ஒரே ஒரு முறை வந்தால் அது கை தவறியது. அதைப் பின்பற்றாமல் இறந்தகாலத்தில் போகலாம். எழுத்துப் பிழைக்கும் இதே கணக்குத்தான்: ‘வர்லியா’ பேச்சு, பிழையல்ல. ‘தூக்குவாலி’ என்று எழுதியிருந்தால் அது பிழை. அதைத் திருப்பி எழுத வேண்டாம்.

மதிப்பெண் போடும் முறையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். துண்டையும் மாணவர் எழுதியதையும் இடைவெளி விடாமல் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். துண்டைப் பார்க்காத இன்னொரு நடுவர் கேட்கட்டும். கை எங்கே மாறியது என்று அவர் நிறுத்திச் சொல்ல முடிந்தால், அந்த இடத்தைத் தாளில் குறித்து மாணவரிடம் காட்டுங்கள். கை மாறியதே தெரியாமல் அந்த இடத்தைத் தாண்டிப் போகும் தாளுக்குப் பரிசு கொடுங்கள், அதில் திருப்பமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து ஒரு தமிழாசிரியர்