கரும்புப் பண நிலுவைக்கு 15 சதவீத வட்டி: ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆலை நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், இந்த மடலைப் படிக்க நேர்ந்தால் சர்க்கரைத் துறை ஆணையர் அவர்களுக்கும், வணக்கம்.

போன மாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் உங்கள் கரும்பு அதிகாரி எழுந்து, "நிலுவை முழுசா பட்டுவாடா ஆயிடுச்சு, ஒரு ரூபாய்கூட பாக்கி இல்லை, அப்புறம் என்ன குறை?" என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் தலையையும் ஆட்டினார்கள். ஒரு ரூபாய்கூட பாக்கி இல்லையா என்பதை ரசீதை வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை உங்களுக்குத் தெரியும். அரைத்த கரும்பில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு, அதாவது சர்க்கரைக் கட்டுமானம், 9.5 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ள ஆலைகளுக்கு டன்னுக்கு 3,151 ரூபாய். நான் 2025 ஜனவரி கடைசியில் 80 டன் அனுப்பினேன். ஆக 2,52,080 ரூபாய். 1966ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளில், அதாவது பிப்ரவரி நடுவில், இது என் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். ஏறியது டிசம்பர் நடுவில். பத்து மாதத் தாமதம். தொகை சரியாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை.

ஆனால் வெட்டுக்கூலிக்கு யாரும் பத்து மாதம் காத்திருக்க மாட்டார்கள். கடைசி லோடு கிளம்பியதும் மேஸ்திரி வரப்பில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஆட்கள் வெளியூர், அன்றைக்கு ராத்திரியே அடுத்த ஊர் வயலுக்குப் போக வேண்டும். டன்னுக்கு ஆயிரம் வீதம் 80,000 ரூபாய், ரொக்கமாக, கையில். அதற்காக முதல் நாளே வீட்டுக்காரம்மாவின் இரண்டு பவுன் வளையல் அடகுக்கடைக்குப் போயிற்று, ரெண்டு வட்டிக்கு. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். உங்கள் பணம் வந்தபின் வளையலை மீட்டேன். அந்த 80,000க்கு, நீங்கள் தாமதித்த பத்து மாதத்துக்கு மட்டும், வட்டி 16,000 ரூபாய்.

வெட்டு முடிந்த கையோடு, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் கட்டைக் கரும்புக்குச் செலவு தொடங்குகிறது. கட்டை சீவ வேண்டும், பயிர் விட்டுப்போன இடத்தில் போக்கு நட வேண்டும், உரம் வைக்க வேண்டும். தூர் கட்டும் நேரத்தில் வைக்காத உரத்தை நான்கு மாதம் கழித்து இரண்டு மடங்கு வைத்தாலும் பயிர் அதை ஏற்காது. அதனால் உரக்கடையிலும் கடன். அங்கே ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. இன்றைய ரூபாயும் அடுத்த வருட ரூபாயும் ஒன்றல்ல என்பதை அந்தக் கடைக்காரர் பில்லிலேயே போட்டுவிடுகிறார். உங்கள் கணக்குப் பிரிவில் பட்டயக் கணக்காளர்கள் இருந்தும் அது தெரியவில்லை என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

டிசம்பரில் நீங்கள் கொடுத்த 3,151 ரூபாய்க்குப் பிப்ரவரியில் என்ன மதிப்பு? பிப்ரவரியில் என் கையில் எவ்வளவு இருந்தால், ரெண்டு வட்டியில் பத்து மாதத்தில் அது 3,151 ஆகும் என்று பார்க்க வேண்டும். பத்து மாதத்துக்கு நூற்றுக்கு 20 ரூபாய் வட்டி. எனவே 3,151ஐ 1.20ஆல் வகுக்க வேண்டும். வருவது 2,626 ரூபாய். சந்தேகம் இருந்தால் 2,626க்கு 20 சதவீதம் கூட்டிப் பாருங்கள். வெளியில் கடன் வாங்கிச் சமாளிக்கும் விவசாயிக்கு நீங்கள் கொடுத்த விலை டன்னுக்கு 2,626 ரூபாய்தான். அரசு விலையைவிட 525 ரூபாய் குறைவு. விலையைக் குறைத்துக் கொடுத்தால் சட்டம் கேள்வி கேட்கும் என்பதால் தேதியைத் தள்ளிக் கொடுக்கிறீர்கள்; பலன் ஒன்றுதான்.

"அதெல்லாம் கந்துவட்டிக் கணக்கு" என்பீர்கள். சரி, கையில் கடனே இல்லாத, பணத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டு வைக்கும் விவசாயியை எடுத்துக்கொள்வோம். அவருக்கும் 3,151 ரூபாய் 2,977ஆகச் சுருங்குகிறது. ஆக, இழப்பு எவ்வளவு என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். இதில் விலைவாசி ஏற்றத்தை நான் சேர்க்கவே இல்லை. பத்து மாதமும் அரிசி, டீசல் எதுவும் ஒரு பைசா ஏறாமல் இருந்திருந்தாலும் இந்த இழப்பு அப்படியேதான் இருக்கும். காரணம், பிப்ரவரியில் பணம் கையில் இருந்தால் கடனை அடைத்திருப்பேன், அல்லது கடனே வாங்கியிருக்க மாட்டேன். அந்த வாய்ப்பைப் பத்து மாதம் நீங்கள் வைத்திருந்தீர்கள். ஆளுக்கொரு வட்டி பேசிச் சண்டை போட வேண்டாம் என்றுதான் ஆணையிலேயே ஒரு விகிதம் எழுதியிருக்கிறது: 14 நாளுக்கு மேல் தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீதம். என் கணக்கில் அது 31,510 ரூபாய். நான் கேட்பது அதைத்தான்.

உங்கள் சிரமமும் எங்களுக்குத் தெரியாததல்ல. கரும்பை நாலைந்து மாதத்தில் அரைத்து முடிக்கிறீர்கள். சர்க்கரையை மாதாமாதம் அரசு விடுவிக்கும் அளவுக்குள் வருடம் முழுக்க விற்கிறீர்கள். நியாயம். ஆனால் கிடங்கில் இருக்கும் சர்க்கரையை ஈடு காட்டினால் வங்கி கடன் தருகிறது, அதற்கு வட்டியும் வாங்குகிறது. எங்களிடம் எடுத்த கடனுக்கு மட்டும் வட்டி கிடையாது. இப்படி ஒரு மலிவான வங்கி கிடைத்தால் யார்தான் விடுவார்கள்! பொங்கலுக்கு நீங்கள் கொடுத்த காலண்டரில் "விவசாயிகள் எங்கள் குடும்பம்" என்று அச்சடித்திருந்தது. குடும்பத்துக்குள் வட்டி எதற்கு என்று நினைத்தீர்களோ என்னவோ.

அப்படி நினைத்திருந்தால் டிசம்பர் பட்டுவாடா சீட்டில் இன்னொரு வரி வந்திருக்கக் கூடாது. விதைக்கரும்பு முன்பணம் என்று அசலைப் பிடித்திருக்கிறீர்கள். அதன் மேல் வட்டியும் பிடித்திருக்கிறீர்கள், டிசம்பர் வரை, நாள் கணக்கில். பிப்ரவரியிலிருந்து என் இரண்டரை லட்சம் உங்களிடம் இருக்கிறது. அதிலிருந்து அன்றைக்கே முன்பணத்தைக் கழித்திருந்தால் அந்த வட்டி பிப்ரவரியோடு நின்றிருக்கும். ஒரே சீட்டில், ஒரே பத்து மாதத்துக்கு, என் கடனுக்கு வட்டி உண்டு, உங்கள் கடனுக்குக் கிடையாது. காலத்துக்கு மதிப்பு உண்டு என்பதை உங்கள் கணினி நன்றாகவே அறிந்திருக்கிறது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிலுவையையும் வட்டியையும் நிலவரி பாக்கி போல வசூலிக்க ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்பும் வழியும் அதே ஆணையில் இருக்கிறது. அந்த வழிக்குப் போகாமல் முடிந்தால் எல்லோருக்கும் நல்லது. இந்தப் பருவத்துக்கும் உங்கள் ஆலைக்குத்தான் கரும்பு பதிந்திருக்கிறேன்.

எனவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 2024-25 பருவத்தில் 14 நாளுக்கு மேல் தாமதமான ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் 15 சதவீத வட்டியைக் கணக்கிட்டு அவரவர் வங்கிக் கணக்கில் வரவு வையுங்கள். பிப்ரவரிக்குப் பிந்தைய முன்பண வட்டியைத் திருப்பிக் கொடுங்கள். இனி வரும் சீட்டுகளில் கரும்பு இறக்கிய தேதி, பணம் கொடுத்த தேதி, தாமத நாள், அதற்கான வட்டி என்று நான்கு கட்டம் சேர்த்து அச்சடியுங்கள். முன்பண வட்டிக்கு ஏற்கெனவே கட்டம் இருக்கிறது, பக்கத்திலேயே இடமும் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பதிவு விவசாயிகளில் ஒருவன்