பெரிய எழுத்து பகவத் கீதையில் சுலோகப் பிழைகள்: புகார்

பதிப்பக மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாராயண வகுப்புக்காக உங்களிடம் பெரிய எழுத்து பகவத் கீதை 12 பிரதிகள் வாங்கினேன். வகுப்பில் பெரும்பாலும் வயதானவர்கள், தேவநாகரி தெரியாதவர்கள். தமிழ் எழுத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் நம்பிப் படிப்பார்கள்.

இரண்டாம் அத்தியாயம் 16-ஆம் சுலோகத்தின் முதல் வரி உங்கள் புத்தகத்தில் இப்படி இருக்கிறது:

நாஸதோ: வித்யதே பவோ ந பாவோ வித்யதே ஸத

இருக்க வேண்டியது:

நாஸதோ வித்யதே பாவோ நாபாவோ வித்யதே ஸத:

முதலில் விஸர்க்கம். "அஸத:" என்ற சொல்லின் விஸர்க்கம், அடுத்து "வி" வருவதால் ஏற்கெனவே "ஓ" ஆகிவிட்டது. அதற்கு மேல் இரண்டு புள்ளி வைத்ததால் எங்கள் வகுப்பில் எல்லோரும் "நாஸதோஹோ" என்று படித்தார்கள். எட்டெழுத்துப் பாதம் ஒன்பதாகி, சேர்ந்து சொல்லும்போது தாளம் தட்டியது. வரி முடிவில் "ஸத:" என்று விஸர்க்கம் அப்படியே நிற்க வேண்டும். அங்கே அதைக் காணோம்.

"பாவோ" என்பது "பவோ" ஆனதையும் காது கண்டுபிடித்துவிடும். அனுஷ்டுப்பில் இந்தப் பாதத்தின் ஏழாவது எழுத்து நெடிலாக வர வேண்டும்.

என்னை உண்மையில் வருத்தியது "ந பாவோ"தான். மூலத்தில் இருப்பது ந + அபாவ:. "ந"வும் "அ"வும் சேர்ந்துதான் "நா" ஆகிறது. அந்தக் காலுக்குள்தான் "அபாவ"த்தின் அகரம் இருக்கிறது. நீங்கள் காலை விட்டுவிட்டு, மிச்சத்தை "ந பாவோ" என்று பிரித்திருக்கிறீர்கள். உள்ளதற்கு இன்மை இல்லை என்று கிருஷ்ணன் சொன்னது, உள்ளதற்கு இருப்பே இல்லை என்று தலைகீழாகிவிட்டது. இங்கே தாளமும் காப்பாற்றாது. எழுத்து எட்டுதான், முதல் எழுத்து குறிலோ நெடிலோ எதுவானாலும் யாப்பு ஏற்றுக்கொள்ளும். இத்தனைக்கும் அதே பக்கத்தில், கீழே தமிழ்ப் பொருள் சரியாகவே இருக்கிறது. அப்படியென்றால் மூலத்தையும் பொருளையும் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் இந்த வரியை இரண்டு வாரமாக மனப்பாடம் செய்திருந்தார். தப்பு என்று அவரிடம் சொல்லும்போது எனக்கு மனசே ஆறவில்லை.

முதல் மூன்று அத்தியாயங்களில் நான் பார்த்த பிழைகளை எல்லாம் பென்சிலால் குறித்து, ஒரு பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். மற்ற அத்தியாயங்களை, பதம் பிரித்த தேவநாகரிப் பதிப்பு ஒன்றோடு, சம்ஸ்கிருதம் தெரிந்த ஒருவரை வைத்து நீங்கள் சரிபார்க்க வேண்டும். பிழைதிருத்தத் தாளை வாங்கியவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள். அதுவரை இந்தப் பதிப்பை விற்க வேண்டாம். திருத்திய 12 பிரதிகளோ, கொடுத்த பணமோ, ஒரு மாதத்துக்குள் எனக்கு வந்து சேர வேண்டும். ரசீது நகலை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாராயண வகுப்பு நடத்தும் வாசகி