கையேட்டு அறிமுகக் குறிப்பு: ஞாயிறுக்குள் சரிபார்க்கவும்

வணக்கம் நண்பர்களே. மாணவர் வழிகாட்டிக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. மார்ச் 15, ஞாயிறு இரவு 8 மணிக்குள் உங்கள் குறிப்பை வரிவரியாகப் பாருங்கள்.

1. போன கையேட்டில் என்னைக் 'காப்புரிமை பெற்றவர்' என்று எழுதிவிட்டேன். உண்மையில் விண்ணப்பம் 18 மாதம் கழித்து காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகியிருந்தது, அவ்வளவுதான். வெளியாவது வேறு, ஆய்வு முடிந்து வழங்கப்படுவது வேறு. காப்புரிமை எண் வந்திருந்தால் மட்டும் 'பெற்றவர்', இல்லையென்றால் 'விண்ணப்பித்துள்ளார்'. காப்புரிமை அலுவலக இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டால் நிலை தெரியும். மாணவர்களும் தேடிப் பார்ப்பார்கள்.

2. ஆய்வேடு சமர்ப்பித்தவர்கள், வாய்மொழித் தேர்வு முடிந்து தற்காலிகச் சான்றிதழ் வரும்வரை 'முனைவர்' போட வேண்டாம்.

3. பார்த்ததும் இங்கே 'சரிபார்த்தேன்' என்று பதிலிடுங்கள். திருத்தம் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.