மாப்ளைக்கு, சுகர் பாக்குற மெஷின், ஆப் பத்தி

மாப்ள,

உன் லெட்டர் கெடச்சுது. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, உன்னைத்தான் ரெண்டு தடவை விசாரிச்சாங்க. உனக்கு மூணு மாச சுகரக் காட்டுற எச்பிஏ1சி டெஸ்ட் 8.1னு வந்திருக்குன்னு படிச்சதும் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுடா. நம்ம வீட்டுல அவளுக்கும் சுகர் இருக்கிறதால இந்த மெஷின், ஆப்பு எல்லாம் கொஞ்சம் அலசிப் பாத்திருக்கேன், அதான் விவரமா எழுதுறேன்.

மொதல்ல, வாங்கலாமான்னு நீ எழுதியிருந்த அந்த சுகர் காட்டுற வாட்ச்ச வாங்காத. ஊசி குத்தாம சுகர் காட்டும்னு விக்கிற வாட்ச், மோதிரம் எதுக்கும் நாங்க அனுமதி தரலைன்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியிலயே எச்சரிக்கை விட்டாச்சு. கையில ஒட்டுற சென்சார்ல இருந்து நம்பர வாங்கி வாட்ச் காட்டுறது வேற விஷயம், அங்க அளக்கிறது சென்சார்தான். வாட்ச் தானா அளக்குதுன்னு சொன்னா நம்பாத, அந்த நம்பர வச்சு மாத்திரையக் கூட்டிக் கொறச்சா உயிருக்கே ஆபத்து.

உனக்கு இப்போதைக்கு புளூடூத் இருக்கிற குளுக்கோமீட்டரும் அதோட ஆப்பும் போதும். அக்கு-செக் இன்ஸ்டன்ட் வாங்குனா மைசுகர் ஆப்ல ரீடிங் தானா போயிடும், கான்டூர் ப்ளஸ் ஒன்னுக்கும் தனி ஆப் இருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி உன் போன்ல அந்த ஆப் ஓடுதான்னு பாத்துக்கோ, ஸ்ட்ரிப் உன் ஏரியா மெடிக்கல்ல எப்பவும் கெடைக்குமான்னும் கேட்டுக்கோ, ஏன்னா மெஷின் ஒரு தடவை செலவு, ஸ்ட்ரிப் தான் வாங்கிட்டே இருக்கணும். அப்புறம் மெஷின்ல தேதி நேரம் சரியா இருக்கணும், இல்லன்னா காலையில பாத்தது ஆப்ல ராத்திரி கணக்குல போய் உக்காந்துக்கும்.

ஆப்ல நான் பாக்குறது ஒன்னே ஒன்னுதான். சாப்பாட்டுக்கு முன்னாடி ரீடிங், சாப்பிட ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரீடிங், தட்டோட போட்டோ, மூணையும் ஒரே எடத்துல வச்சுப் பாக்க முடியணும். அவ ஒரு நாள் காலையில நாலு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டா, முன்னாடி 132, அப்புறம் 218, அதாவது 86 ஏறியிருக்கு. இன்னொரு நாள் ரெண்டு இட்லி, ரெண்டு அவிச்ச முட்டை, கொஞ்சம் சுண்டல், 128ல இருந்து 171, ஏறுனது 43 தான். வேறொரு நாள் அதையே திரும்பச் சாப்பிட்டுப் பாத்தப்பவும் கிட்டத்தட்ட அதே தான் வந்துச்சு, அதுல இருந்து நாலு இட்லிய அவளே விட்டுட்டா. ஆனா 10, 15 வித்தியாசத்துக்கெல்லாம் அர்த்தம் தேடாத, நல்ல மீட்டருக்கே 100க்கு மேல 15 சதவீதம் வரைக்கும் முன்னப்பின்ன இருக்கலாம்னு தான் விதிமுறையே. கை கழுவாம மாம்பழம் தொட்ட விரல்ல குத்துனாலும் நம்பர் எகிறும், அதனால ரொம்ப ஏறிக் காட்டுனா சோப்பு போட்டுக் கழுவி நல்லா தொடச்சுட்டு இன்னொரு விரல்ல பாரு.

கலோரி எண்ணுற ஆப்ப எல்லாம் இப்போ தொடாத. அதுல 'இட்லி 1'னு இருக்கும், அது ஹோட்டல் இட்லியா, உங்கம்மா ஊத்துற பெரிய இட்லியான்னு ஆப்புக்கு எப்படித் தெரியும்? எத்தனை இட்லி, எத்தனை கரண்டி சோறுன்னு நீ எழுதுறதுதான் உனக்கு உதவும். மாசா மாசம் டாக்டர்ட்ட காட்ட ரிப்போர்ட்ட பிடிஎஃப்பா எடுக்க முடியுமான்னும், அதுக்கு காசு கேக்குதான்னும் பாத்துக்கோ.

கையில ஒட்டுற அந்தப் பதினாலு நாள் சென்சார் பத்திக் கேட்டிருந்த. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுக்கிறவனுக்கு அது மாசா மாசம் தேவைப்படாது, ஆனா டாக்டர்ட்ட கேட்டுட்டு ஒரு தடவை போட்டா ராத்திரி தூங்கும்போது எப்படிப் போகுது, எந்தச் சாப்பாட்டுக்கு எவ்ளோ நேரம் மேலயே நிக்குதுன்னு கோடு போட்டுக் காட்டிடும். அது ரத்தத்த அளக்காது, தோலுக்கு அடியில இருக்கிற நீரத்தான் அளக்கும், அதனால சாப்பிட்ட உடனே சில நிமிஷம் பிந்தித்தான் காட்டும். மொத நாள் ரீடிங்க ரொம்ப நம்பாத. அந்தக் கை மேல சாஞ்சு தூங்குனா சுகர் எறங்குன மாதிரி பொய்யாக் காட்டும், அப்போ பயந்து சர்க்கரைய வாயில போடாம விரல்ல குத்திப் பாத்துக்கோ. வேர்த்து, கை நடுங்குச்சுன்னா மட்டும் மெஷினத் தேடிட்டு நிக்காத, மொதல்ல சர்க்கரை சாப்பிடு.

இவ்ளோவும் மெட்ஃபார்மின் மட்டும்னு நெனச்சு எழுதுனது. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ குடுத்திருந்தா சுகர் நெஜமாவே கீழ போக வாய்ப்பு இருக்கு, அப்போ எப்போ எப்போ பாக்கணும்ங்கிறதே மாறும், சென்சாரும் உனக்கு உபயோகமா இருக்கும். அதனால மீட்டர் வாங்க கெளம்புறதுக்கு முன்னாடி டாக்டர் எழுதுன மருந்துச் சீட்டப் போட்டோ புடிச்சு எனக்கு அனுப்புடா.

உன்
மச்சான்